ஊர் மாறிய பிறகு பழைய கம்பெனிக்கே பகுதிநேர வேலை கேட்டு எழுதியவர்கள், என்ன பதில் வந்தது?

குடந்தை டிசைனர்

மாமனாருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் பெங்களூர் கோரமங்கலா வேலையை விட்டுவிட்டுக் கும்பகோணம் வந்துவிட்டோம். அங்கே நான் பார்த்தது பேக்கேஜிங், பெரும்பாலும் மசாலா பாக்கெட். இங்கே சில்லறை வேலைகள் ஓடிக்கொண்டிருந்தாலும், பழைய மேடத்துக்கே ஒரு கடிதம் எழுதினேன். சாரம் இதுதான்:

"புது டிசைன் எதுவும் எனக்குத் தர வேண்டாம். முடிவான டிசைனை 50, 100, 200 கிராம் அளவுகளுக்கு மாற்றும் வேலையை மட்டும் தாருங்கள். மாதம் 50 மணி நேரம், மணிக்கு 700 ரூபாய். காலை 10 முதல் 1 வரை போனில் இருப்பேன். புரூஃப் பார்க்க மாதம் ஒருமுறை என் செலவில் நேரில் வருகிறேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்."

மேடம் உடனே கூப்பிட்டார். நன்றாகத்தான் பேசினார். மாமனார் உடம்பைப் பற்றியெல்லாம் விசாரித்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அங்கே உனக்கு வாடகையே கிடையாதேம்மா, பெங்களூர் ரேட் எதுக்கு? உன் சம்பளம் அறுபது. அதில் பாதி முப்பது, ஊர் கணக்குக்கு இருபது வெச்சுக்கலாமா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பாக்கெட் அதே பாக்கெட், வேலையும் அதே வேலை. நான் எங்கே உட்கார்ந்து செய்தால் என்ன? இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

ஸ்ரீராமபுரம் ஆள்

எனக்கும் நடந்தது. நான் ஓசூருக்கு மாறியபோது முதலாளி முகத்துக்கு நேராகவே "பார்டர் தாண்டிட்டே, பாதி ரேட்" என்றார். ஒத்துக்கொண்டேன், இன்றுவரை ஓடுகிறது. மேடம் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. 60,000 சம்பளத்தை 22 நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 340 ரூபாய்தான் வருகிறது. அதை 700 என்று எழுதினால் யாருக்குமே திக்கென்றுதான் இருக்கும்.

இன்னொன்று, தமிழ்நாட்டில் இருந்து கர்நாடகாவுக்கு பில் போட்டால் முதல் ரூபாயில் இருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செம்பூர் சித்தப்பா

வேலையை விடாமல் வீட்டிலிருந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கலாமே? மும்பையில் எங்கள் ஆபீசில் ஒரு பையன் திருநெல்வேலி போய் அப்படித்தான் பார்த்தான். ஹெச்ஆரில் ஒரு ஃபார்ம் இருக்கும், மேனேஜர் கையெழுத்து போட்டால் முடிந்தது. லேப்டாப்பும் கம்பெனியே தரும். என்ன, கரண்ட் போகாத ஊராக இருக்க வேண்டும். அவன் ஊரில் மத்தியானம் மத்தியானம் போய்விடும், பாதி மீட்டிங்கில் ஆளே இருக்க மாட்டான்.

அல்சூர் அக்கா

சித்தப்பா, அவங்க வேலையை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்காங்க, மேலே ஒருமுறை படியுங்கள்.

இந்த மாதிரிக் கடிதங்கள் வந்து சேரும் பக்கத்தில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். இந்திராநகரில் ஒரு ஸ்டூடியோவை நடத்தினேன். விட்டுப்போனவர்களில் பலரும் "உங்களோடு மீண்டும் பணியாற்ற ஆவல்" என்றுதான் எழுதுவார்கள். அதற்கு நன்றி என்று பதில் போட்டு மூடிவிடுவேன். ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் அன்றைக்கே சரி சொன்னேன். மைசூர் போய்விட்ட பெண் அனுப்பியது. அதில் ஒரு வரி: "சிலிண்டர் வெட்டுகிற அன்று பிரிண்டர் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் இரவு 9 வரை எடுப்பேன்."

அதற்கு முந்தின வாரம்தான் என் உயிர் போயிருந்தது. கிராவூர் அச்சில் டிசைனை உலோகச் சிலிண்டரில் வெட்டித்தான் அச்சடிப்பார்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் என்று பேக்கேஜிங் பார்ப்பவர்களுக்குத் தெரியும். வெட்டின பிறகு ஒரு எழுத்து தப்பு என்று தெரிந்தால், அந்த நிறத்தின் சிலிண்டரையே மறுபடி செய்ய வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு பிரிண்டர் லைனில் இருக்கிறார், சின்ன பாக்கெட்டில் நிகர எடையின் எழுத்து விதியில் சொன்ன உயரத்துக்குக் குறைவாக இருக்கிறது என்கிறார், ஃபைல் செய்த ஆள் போனை எடுக்கவில்லை. அந்தப் பயத்தில் இருந்தவளுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

ஆகவே குடந்தை, உங்கள் கடிதத்தில் எனக்கு இடிப்பது 700 இல்லை, 10 முதல் 1 வரைதான். பிரிண்டர் ஒருநாளும் காலையில் கூப்பிட மாட்டார். டயாலிசிஸ் நாட்கள் எவை என்று உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, சிலிண்டர் போகும் நாளை முன்கூட்டியே சொன்னால் அன்று சாயங்காலம் இருப்பேன் என்று எழுதுங்கள்.

இப்போது ஸ்ரீராமபுரம் தம்பியின் 340. அது கையில் வந்த சம்பளத்தை நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தால் வகுத்த கணக்கு. பிஎஃப்பில் கம்பெனி பங்கு, இன்சூரன்ஸ், சாஃப்ட்வேர், கணினி எல்லாம் சேர்த்தால் 60,000 வாங்குகிற ஆளுக்குக் கம்பெனியின் செலவு சுமார் 70,000 ஆகும் என்று வையுங்கள். அந்த எட்டு மணி நேரத்தில் மீட்டிங், டீ, ஃபைலுக்குக் காத்திருப்பது போக ஆர்ட்வொர்க் நடப்பது என் அனுபவத்தில் ஐந்து மணி நேரம். மாதம் 110 மணி. 70,000-ஐ 110-ஆல் வகுத்தால் 636. ஆக மேடம் ஏற்கெனவே மணிக்கு அவ்வளவு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அதற்கு மேல் கேட்ட 64 ரூபாயில்தான் உங்கள் லீவும், வேலை இல்லாத வாரமும், ரிப்பேரும் அடங்க வேண்டும். மேடம் சொன்ன 20,000-ஐ 50 மணிக்கு வகுத்தால் 400 வருகிறது.

ஆனால் இந்தக் கணக்கைப் போனில் சொல்லாதீர்கள், சண்டை மாதிரி ஆகிவிடும். மணி நேரத்தையே கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு அளவுக்கு மாற்ற இவ்வளவு ரூபாய், அதற்குள் இரண்டு சுற்றுத் திருத்தம், மூன்றாவது சுற்றுக்குத் தனிக் கட்டணம் என்று எழுதுங்கள். பாக்கெட்டுக்கு விலை போட்டால் கும்பகோணம் வாடகை பேச்சிலேயே வராது.

ஜிஎஸ்டியும் தம்பி சொன்னதில் பாதிதான். சரக்கை மாநிலம் தாண்டி விற்றால்தான் பொதுவாக அந்தக் கட்டாயம். சேவைக்கு வருஷத்துக்கு 20 லட்சம் வரை வேறு மாநிலத்துக்கு பில் போட்டாலும் பதிவு வேண்டாம், 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். கம்பெனி டிடிஎஸ் பிடிக்கும், டிசைன் வேலைக்குப் பெரும்பாலும் 10 சதவீதம். அது ரிட்டர்னில் கணக்காகும்.

ஸ்ரீராமபுரம் ஆள்

அக்கா, ஜிஎஸ்டி சரி, என் ஆடிட்டரைக் கேட்கிறேன். ஆனால் பாக்கெட்டுக்கு விலை என்பது நல்ல மேடமாக இருந்தால்தான் நடக்கும். என்னிடம் "இது திருத்தம் இல்லை, உன் தப்பு" என்று ஏழு சுற்று வாங்கினார்கள். மணிக்கணக்கு இருந்ததால்தான் பிழைத்தேன்.

அல்சூர் அக்கா

எழுத்துப்பிழையை உங்கள் தலையில் வைக்கலாம். அவர்கள் கொடுத்த வாசகத்தையே அவர்கள் மாற்றினால் அது திருத்தம். அந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் எழுத வேண்டும். எழுதினாலும் சண்டை வரும் என்பது வேறு.

குடந்தை டிசைனர்

அக்கா, சாயங்காலம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ், மற்ற நாள் முடியும். பாக்கெட் விலை போட்டு இன்று இரவு மறுபடி எழுதுகிறேன். ஆனால் நேரில் வரும் செலவை என்ன செய்வது? ரயிலில் சாயங்காலம் ஏறினால் காலையில் பெங்களூர், டிக்கெட் பெரிய காசு இல்லை. ஸ்கிரீனில் நிறத்தை நம்ப முடியாது, மிளகாய்ச் சிவப்பு ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறத்தில்தான் வரும். புரூஃபைக் கூரியரில் வாங்கினால் ஒரு நாள் போகும்.

அல்சூர் அக்கா

ரயில் செலவை அவர்கள் தலையில் போடுங்கள். உங்கள் செலவு என்று எழுதினால் மாதம் இரண்டு முறை கூப்பிடுவார்கள்.

செம்பூர் சித்தப்பா

நான் என் காசில் போய் வருவேன். முகம் காட்டினால்தான் அடுத்த வேலை வரும். அது சரி, கும்பகோணத்தில் கரண்ட் எப்படி?