சிறிய கூட்ட அறையில் ஸ்பீக்கர்ஃபோன்: கடைசி இருக்கையின் குரல் ஏன் போய்ச் சேரவில்லை?

கடைசி நாற்காலி
எங்கள் அறையில் ஆறு பேர் அமரலாம். ஸ்பீக்கர்ஃபோன் திரைக்குக் கீழே மேசையின் ஒரு முனையில் இருக்கிறது. யூஎஸ்பி கம்பி அதுவரைதான் எட்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மறுமுனையில் அமர்ந்து நான் கணக்கு விவரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இணைப்பில் இருந்த மேலாளர், "கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது, பக்கத்தில் இருப்பவர் திரும்பச் சொல்லுங்கள்" என்றார். சாதனத்தின் அருகில் இருந்த இளைய ஊழியர் நான் சொன்னதை வாக்கியம் வாக்கியமாகத் திரும்பச் சொன்னார். இப்போது வேறு சாதனம் வாங்கச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

தென்றல்
பெட்டியில் ஐந்து மீட்டர் வரை குரலை எடுக்கும் என்று போட்டிருந்த சாதனத்தை நாங்கள் வாங்கினோம். இப்போது யாருடைய குரலும் விட்டுப்போவதில்லை. ஒலியளவைத் தானே சமன்செய்யும் வசதி இருந்தால், சாதனத்தை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

ஒலிப்பணி
தென்றல் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியை ஏற்க முடியாது. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம், வாயிலிருந்து நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. உங்கள் மேசை 2.4 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். சாதனத்தின் அருகில் இருப்பவருக்கு 60 சென்டிமீட்டர், உங்களுக்கு 240; அதாவது இருமுறை இரட்டிப்பு, 12 டெசிபல் வேறுபாடு. அதே சாதனத்தை மேசையின் நடுவுக்கு நகர்த்தினால், பக்கவாட்டில் இருப்பவருக்கு 70 சென்டிமீட்டர், முனையில் இருப்பவருக்குச் சுமார் 130 என்றாகி, வேறுபாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.

தானாகச் சமன்செய்யும் வசதி தொலைவில் இருப்பவரின் குரலை உயர்த்தும் என்பது உண்மைதான். ஆனால் அதோடு சேர்த்து ஏசி இரைச்சலையும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும் உயர்த்திவிடும். கண்ணாடியும் வெறும் சுவரும் உள்ள சிறிய அறையில் ஒரு மீட்டருக்குள்ளேயே திரும்பும் ஒலி நேர்க்குரலுக்குச் சமமாகிவிடக்கூடும். மேலாளருக்குக் கேட்ட கிணற்றுக் குரல் அதுதான். ஒலியளவைக் கூட்டினால், கிணறு இன்னும் உரக்கக் கேட்கும், அவ்வளவே. பெட்டியில் எழுதிய தூரம், குரல் காதில் விழும் தூரமாக இருக்கலாம். தெளிவாக விழும் தூரமாக இருக்க வேண்டியதில்லை.

வாங்குவதாக இருந்தால், எல்லாத் திசையிலும் குரலை எடுக்கிறதா, இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு பக்கத்தை வெட்டிவிடாமல் இருக்கிறதா, பின்னால் கூடுதல் மைக் இணைக்க வழி உண்டா என்று பாருங்கள். சாதனத்தை மேசைப் பரப்பிலேயே வையுங்கள். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் உயர்த்தி வைத்தால், மேசையில் பட்டு வரும் ஒலி சற்றுத் தாமதமாக வந்து நேர்க்குரலோடு கலந்து அதைக் கெடுக்கும். திறந்த லேப்டாப்பின் மூடி, பேசுபவரின் வாய்க்கும் சாதனத்துக்கும் நடுவே நிற்கக் கூடாது.

முகில்
எங்களுக்கும் இதே எதிரொலிதான்! ஆனால் எங்கள் அறையில் இருவர் தனித்தனி லேப்டாப்பில் அதே கூட்டத்தில் இணைந்திருந்தார்கள். ஒருவருடைய மைக்கை அணைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. நீங்களும் அதைப் பாருங்கள்.

கடைசி நாற்காலி
முகில், எங்களுக்கு எதிரொலி இல்லை, குரல்தான் தொலைவில் கேட்கிறது.

வாசல்
சாதனம் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். கூட்டச் செயலியில் மைக் அளவைக் காட்டும் பட்டையைத் திறந்து வைத்து, ஸ்பீக்கர்ஃபோனின் மேல் நகத்தால் மெதுவாகக் கீறுங்கள்; பிறகு லேப்டாப்பின் ஓரத்தில் கீறுங்கள். எங்கள் அறையில் லேப்டாப்பைக் கீறியபோதுதான் பட்டை துள்ளியது. ஒலி ஸ்பீக்கர்ஃபோன் வழியாக வந்துகொண்டிருந்ததால், குரலும் அதன் வழியாகத்தான் போகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒலிப்பணி
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அது சரியாக இருந்தால், ஒவ்வொருவரும் தத்தம் இருக்கையிலிருந்தே ஒரே வாக்கியத்தைச் சொல்ல, மறுபக்கம் இருப்பவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவை எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

தென்றல்
நடுவில் வைத்தால் எல்லோருடைய விசைப்பலகைச் சத்தமும் மைக்கில் விழுமே, அதற்கு என்ன செய்வது?

கடைசி நாற்காலி
கீறிப் பார்த்தேன், சாதனத்தின் மைக்தான் இயங்குகிறது. 5 மீட்டர் கம்பி போட்டு நடுவில் வைத்தோம். பதிவில் என் குரல் அருகில் வந்திருக்கிறது, ஆனால் தென்றல் சொன்ன தட்டச்சுச் சத்தமும் கூடவே வந்துவிட்டது. அடியில் ரப்பர் விரிப்பு போட்டதில், மேசை வழியாக வரும் அதிர்வு மட்டும் சற்றுக் குறைந்தது. திரைப்பக்க முனையில் இருப்பவர் இப்போது தம் குரல் மெலிந்துவிட்டது என்கிறார். கூடுதல் மைக் ஒன்று வாங்கலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.