வளைவில் மட்டும் மினுக்கும் சிவப்பு பிரேக் விளக்கு: கொடைக்கானல் போகலாமா?

தாம்பரத்தான்: அடுத்த வெள்ளிக்கிழமை விடியக்காலை தாம்பரத்துல இருந்து கொடைக்கானல் கிளம்புறோம். அம்மா, மனைவி, ரெண்டு பிள்ளைங்க. வண்டி 2014 டீசல், 92,000 கி.மீ. ஓடியிருக்கு. நேத்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தேன். எல்லா விளக்கும் எரிஞ்சுது, ஸ்டார்ட் பண்ணதும் அணைஞ்சுது. சரின்னு ஒரு ரவுண்டு போனா, திரும்பும்போது மட்டும் வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு ஒரு செகண்ட் எரிஞ்சு அணையுது. நேரா போனா வரல. ஹேண்ட்பிரேக் முழுசா இறங்கித்தான் இருக்கு. இதோட மலை ஏறலாமா?

ஈரோட்டுத் தம்பி: ஹேண்ட்பிரேக் சுவிட்ச் லூஸா இருக்கும் ப்ரோ. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. லீவரை ரெண்டு தடவை இழுத்து விடுங்க, போயிடும்.

பழைய பட்டறை: தம்பி சொல்றதும் நடக்கும். ஆனா சுவிட்ச் லூஸா இருந்தா மேடு பள்ளத்துல குலுங்கும்போதும் எரியணும். திரும்பும்போது மட்டும் எரியுதுன்னா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கான்னுதான் முதல்ல பார்க்கணும். பெரும்பாலான வண்டியில ரெண்டுக்கும் ஒரே விளக்குதான். டப்பாவுக்குள்ள ஒரு மிதவை இருக்கு. ஆயில் கீழ்க்கோட்டை நெருங்கிட்டா, வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கும்போது மிதவை இறங்கி விளக்கைப் போட்டுடும். சமதளத்துல வண்டியை நிறுத்தி, போனட்டைத் திறந்து, டப்பாவுக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாருங்க. வெளியில அழுக்கு இருந்தாலும் உள்ளே அளவு நிழலாத் தெரியும்.

தாம்பரத்தான்: பார்த்துட்டேன் சார். கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் மேலதான் இருக்கு. காப்பித் தண்ணி கலர்ல இருக்கு.

மதுரை மச்சான்: அவ்வளவுதானே! மூடியில போட்டிருக்கிற டாட் நம்பரைப் பார்த்து அதே ஆயில் வாங்கி மேல்கோடு வரைக்கும் ஊத்துங்க. ஜாலியா போயிட்டு வாங்க.

பழைய பட்டறை: ஊத்துனா விளக்கு அணையும், காரணம் அப்படியே இருக்கும். ஆயில் குறைய ரெண்டு வழி. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளிய வந்து நிற்கும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவுல இருந்து ஆயில் இறங்கும். இல்லேன்னா எங்கேயோ கசியுது. பேடு தேய்ஞ்ச வண்டியில நிரப்பி வச்சா, புதுப் பேடு போடும்போது பொங்கி வழிஞ்சு பெயின்டைத் தின்னுடும். அதனால முன்சக்கரத்தைக் கழட்டிப் பேடு பார்க்கச் சொல்லுங்க, பின்சக்கர டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டர் ரப்பரை விரலால தூக்கி ஈரம் இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. கிளட்சும் அதே டப்பாவுல இருந்து ஆயில் எடுக்கிற வண்டின்னா அந்த லைனையும் விட்டுடாதீங்க.

அந்தக் காப்பிக் கலர்தான் எனக்குப் பெரிய கவலை. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். பழசானா சீக்கிரம் கொதிக்கும். கொடைக்கானல்ல இருந்து வத்தலக்குண்டு இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா, உள்ளே ஆவி பிடிச்சு பெடல் பஞ்சு மாதிரி இறங்கிடும். முழுசா மாத்திடுங்க. இறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வாங்க.

திருச்சி அக்கா: தம்பி கேட்டது பிரேக் விளக்குதான். ஆனாலும் குடும்பத்தோட போறீங்கன்னதும் சொல்லாம இருக்க முடியல. போன வருஷம் சர்வீஸ் முடிஞ்ச மூணாம் நாள், பெரம்பலூர் தாண்டினதும் எங்களுக்குச் சிவப்பு எண்ணெய்க் குப்பி விளக்கு எரிஞ்சுது. அடுத்த பங்க்ல பார்த்துக்கலாம்னு வீட்டுக்காரர் ஓட்டினார். பங்க் வரல, இன்ஜின் கடகடன்னு சத்தம் போட்டு நின்னுடுச்சு. குச்சியை உருவினா ஆயிலே ஒட்டல. அடி போல்ட்டைச் சரியா முடுக்கலையாம். அந்த விளக்கு எரிஞ்சா ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்க தம்பி.

பழைய பட்டறை: அக்கா சொல்றது சத்தியம். ஆயில் விளக்குக்கு அடுத்த பங்க் வரைக்கும்கூட நேரம் கிடையாது. ஹீட் விளக்கும் அப்படித்தான், நிறுத்தணும். சூடு ஆறுற வரைக்கும் ரேடியேட்டர் மூடியில கை வைக்கக் கூடாது. சிவப்பு பேட்டரி விளக்கு எரிஞ்சா பெல்ட் இருக்கான்னு பாருங்க. சில வண்டியில வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்லதான் ஓடும். பெல்ட் அறுந்திருந்தா ஓட்டவே கூடாது.

ஈரோட்டுத் தம்பி: மஞ்சள் இன்ஜின் விளக்கு?

பழைய பட்டறை: விட்டு விட்டு எரியாம நிலையா எரிஞ்சு, வண்டியும் சீரா ஓடினா மெதுவா அடுத்த ஊர்ப் பட்டறை வரைக்கும் போகலாம். இழுவை குறைஞ்சாலோ உதறினாலோ ஓட்டாதீங்க.

தாம்பரத்தான்: இன்னைக்குக் கழட்டிப் பார்த்தாங்க. முன் பேடு 2 மி.மீ.தான் மிச்சம். புதுசு போட்டு ஆயிலும் மாத்தியாச்சு. ஆனா இடது பின்சக்கர ரப்பருக்குள்ள லேசா ஈரம். ஒரு மெக்கானிக் சிலிண்டரை மாத்தணும்கிறார், இன்னொருத்தர் பழைய கறைங்கிறார்.

பழைய பட்டறை: சந்தேகம்னு வந்துட்டா நான் மாத்திடுவேன். பேடு, ஆயிலோட ஒப்பிட்டா அது பெரிய செலவில்ல.

தாம்பரத்தான்: நாளைக்கே மாத்தச் சொல்லிட்டேன் சார். மாத்தி முடிச்சதும் டப்பாவுல இருக்கிற அளவுக்கு டேப் ஒட்டப்போறேன். வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள அது ஒரு நூல் இறங்கினாலும் பஸ்லதான் போறோம்.