அப்பா விழுந்த நேரங்களைக் குறித்து வைத்தபோது தெரிந்தது

மூத்தமகள்:
அப்பாவுக்கு 71 வயது. பார்கின்சன் நோய் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் இரண்டே வாரத்தில் மூன்று முறை விழுந்தார். குளியலறைத் தரைதான் காரணம் என்று நினைத்து வழுக்காத விரிப்பு வாங்கிப் போட்டேன். நான்காவது முறை கூடத்தின் நடுவிலேயே விழுந்தார்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர், "அவர் எங்கே விழுந்தார் என்பதை விட்டுவிட்டு எத்தனை மணிக்கு விழுந்தார் என்று எழுதுங்கள்" என்றார். மாத்திரை கொடுத்த நேரம், உடல் இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம், விழுந்தது அல்லது புரையேறியது என்று பத்து நாள் எழுதினேன். லெவோடோபா மாத்திரையை 7, 11, 3, 7 மணிக்குக் கொடுத்துவந்தேன். நான்கு முறையும் அவர் விழுந்தது பத்தேகாலுக்கும் பதினொன்றுக்கும் இடையில்! மதிய உணவை இரண்டு மணிக்குக் கொடுப்பேன், புரையேறியதெல்லாம் அப்போதுதான். இரண்டுமே முந்தைய மாத்திரையின் வேகம் தீர்ந்து, அடுத்தது இன்னும் கொடுக்காத நேரங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. காலை மாத்திரையைப் பாலோடு கொடுத்த நாட்களில் உடல் இளக எட்டரை மணி ஆனது. வெறும் தண்ணீரோடு கொடுத்து, முக்கால் மணி கழித்து உணவு தந்த நாட்களில் ஏழே முக்காலுக்கே எழுந்து நடந்தார்.

அந்த நோட்டை நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன். நாளுக்கான மொத்த அளவை மாற்றாமல் ஐந்து வேளையாகப் பிரித்து, மூன்றரை மணிக்கு ஒருமுறை தரச் சொன்னார். இப்போது பத்தரைக்கு மாத்திரை, பதினொன்றே முக்காலுக்குச் சாப்பாடு. இருமல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

தனிப்பறவை:
பால், முட்டை, இறைச்சி எல்லாம் இந்த மாத்திரைக்குப் பகை. என் கணவருக்கு முழுவதுமாக நிறுத்திவிட்டேன். உடல் நன்றாக இளகுகிறது. எல்லோரும் செய்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
தனிப்பறவை, முழுவதுமாக நிறுத்தாதீர்கள். புரதம் குடலிலும் மூளையின் வாசலிலும் மருந்தோடு இடத்துக்குப் போட்டியிடுகிறது என்பது உண்மைதான். அதற்குத் தீர்வு நேரத்தை மாற்றுவது. மாத்திரைக்கும் உணவுக்கும் இடைவெளி விடுங்கள். தேவையானால் புரதத்தின் பெரும்பகுதியை இரவு உணவுக்குத் தள்ளலாம். இந்த நோயில் பலருக்கு எடை தானாகவே குறையும், அதில் புரதமும் போனால் தசை கரைந்து விழுவது கூடும். அவரை எடை பார்த்து எத்தனை நாளாயிற்று?

தனிப்பறவை:
பார்த்ததே இல்லை. நாளை பார்க்கிறேன்.

கடலோரம்:
எனக்கும் கை நடுங்குகிறது. கோப்பையைத் தூக்கினால்தான் நடுக்கம். மடியில் வைத்திருந்தால் இல்லை. இந்த மாத்திரையை நானும் தொடங்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
வேண்டாம். வேலை செய்யும்போது மட்டும் வரும் நடுக்கம் பெரும்பாலும் வேறு வகை. முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

மூத்தமகளுக்கு ஒன்று: இருமல் குறைந்தது நல்ல செய்தி, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தொண்டையின் உணர்ச்சி மங்கியவர்களுக்கு, உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் வராமல் போகலாம். விழுங்கியபின் அவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். குரல் தண்ணீரில் நனைந்ததுபோல் களகளவென்று வந்தாலோ காரணமில்லாமல் காய்ச்சல் வந்து போனாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பொன்னி:
என் அம்மாவுக்கு உறிஞ்சுகுழலில் தண்ணீர் கொடுத்து, தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தச் சொல்வேன். அப்படிச் செய்தால் யாருக்கும் புரையேறாது.

ஓய்வுபெற்ற செவிலியர்:
தாடையைத் தாழ்த்துவது சிலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. குழலில் ஒரே இழுப்பில் நிறைய வந்துவிடும் ஆபத்தும் உண்டு. விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சு சிகிச்சையாளர் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். சாப்பிட்டபின் அரை மணியாவது படுக்க வேண்டாம்.

பொன்னி:
பார்த்தார்கள். தண்ணீரைக் கெட்டியாக்கித் தரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. குடிப்பதையே குறைத்துவிட்டார், மலச்சிக்கல் வந்தது. எது குறைந்த தீங்கு என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

மூத்தமகள்:
விழுவதில் எனக்கு ஒன்று மிஞ்சியிருக்கிறது. கழிப்பறை வாசலில் திரும்பும்போது அப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. கையைப் பிடித்து இழுத்தேன். உடல் முன்னால் வந்தது, கால் வரவில்லை. நல்லவேளை, சுவரில் சாய்ந்துகொண்டார்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
ஒருபோதும் இழுக்காதீர்கள். பேச்சையும் நடையையும் நிறுத்திவிட்டு நிற்கச் சொல்லுங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, பெரிய அடியாக எடுத்து வைக்கட்டும். வாசலில் தரையின் குறுக்கே நிறப் பட்டை ஒட்டினால், அதைத் தாண்டும் எண்ணத்திலேயே பலருக்குக் கால் எழும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடக்க வேண்டும். எழுந்தவுடன் தலை சுற்றுகிறதா?

மூத்தமகள்:
இரவில் படுக்கையிலிருந்து எழும்போது சுற்றுகிறது என்பார்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் அந்த எண்களையே சொல்லுங்கள். அதுவரை இரவில் கட்டில் விளிம்பில் சிறிது நேரம் உட்கார்ந்தபின் எழட்டும்.

மூத்தமகள்:
இன்று காலை பார்த்தேன். படுத்திருந்தபோது 138, நின்றபோது 112. நோட்டில் ஐந்தாவது பத்தி போட்டுவிட்டேன்.