எக்செல் வகுப்பா, தேவை ஆய்வா?

பில்_கவுண்டர்: சப்ளையர் பில் பாஸ் செய்யும் பிரிவு, 14 பேர். போன மாதம் ஆடிட்டில் 60 பில் திரும்பி வந்தது. எல்லாருக்கும் இரண்டு நாள் எக்செல் வகுப்பு என்கிறார் மேலாளர். அதற்கு முன் யாருக்கு என்ன பயிற்சி தேவைன்னு ஆய்வு செய்யணுமா?

மணிமாறன்: முதலில் அந்த 60 பில்லையும் மேசையில் போடுங்க. ஒவ்வொன்றிலும் திரும்பிய காரணம், தவறு நடந்த கட்டம், போட்டவர் பெயர், இந்த மூன்றையும் குறிச்சாலே போதும், ஒரு மாலை வேலை. அதில் எக்செல் எத்தனை இடத்தில் வருதுன்னு பாருங்க.

ஹெச்ஆர்_செல்வி: இதெல்லாம் எதுக்கு? 14 பேருக்கும் ஒரு படிவம் கொடுத்து, என்ன பயிற்சி வேணும்னு கேட்டாப் போதும். அவங்க வேலை அவங்களுக்குத் தெரியாதா? தவிர, பயிற்சிப் பணம் மார்ச் 31-க்குள் செலவாகலைன்னா போயிடும்.

மணிமாறன்: வேலை தெரியும், சரி. ஆனா படிவத்தில் எழுதுறது பிடிச்ச கோர்ஸின் பெயரைத்தான். தன் தவறு எதுன்னு தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார்? படிவம் வேணும்னா, கோர்ஸ் பெயர் கேட்காம "எந்த பில் வந்தா பக்கத்து மேசையைக் கேட்கிறீங்க?"ன்னு கேளுங்க.

வேலு_டேலி: எங்க ஆபீஸில் அடுத்த மாதம் மென்பொருளே மாறுது. அதில் இன்னும் ஒரு தவறும் நடக்கலையே, எதை எண்ணுறது?

மணிமாறன்: அங்கே இந்த வழி உதவாது. புதுத் திரையில் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி, பழைய முறையில் இல்லாததை மட்டும் பிரிச்செடுக்கணும்.

பில்_கவுண்டர்: எண்ணிட்டேன். 34 பில்லில் சரக்கு வந்ததற்கான ரசீதை ஸ்டோர்ஸ் போடவே இல்லை. 16-ல் டிடிஎஸ் தவறு. மீதி 10 உதிரி. எக்செல் ஒன்றில்கூட இல்லை. டிடிஎஸ் தவறில் 13, மூன்றே பேர் போட்டது.

மணிமாறன்: 34 ஸ்டோர்ஸோடு பேசித் தீர்க்க வேண்டியது, உங்க ஆட்களை எந்த வகுப்பில் உட்காரவச்சாலும் அந்த ரசீது வராது. அந்த மூணு பேருக்கும் பழைய பில் பத்து கொடுங்க. சிஸ்டம் வேண்டாம், தாளில் டிடிஎஸ் எழுதச் சொல்லுங்க. சரியா எழுதினா அறிவு இருக்கு, கோளாறு வேறெங்கோ.

பில்_கவுண்டர்: இரண்டு பேர் 9 சரி. ஒருவர் 5. கம்பெனி ஒப்பந்தக்காரருக்கு 2 சதவீதம், ஆலோசனைக் கட்டணத்துக்கு 10 என்ற பிரிவிலேயே அவருக்குக் குழப்பம்.

மணிமாறன்: அவருக்குச் சொல்லித்தரணும், அரை நாள் போதும். மற்ற இருவர் ஏன் சிஸ்டத்தில் மட்டும் தப்பு போடுறாங்க? சப்ளையர் மாஸ்டரில் ஒரே வகைதான் பதிவாகியிருக்கும். ஒரே ஆள் ஒப்பந்த வேலையும் ஆலோசனையும் செய்தா, சிஸ்டம் தானா நிரப்புறது பாதி பில்லுக்குப் பொருந்தாது.

ஹெச்ஆர்_செல்வி: மாஸ்டர் சரி, பார்க்கட்டும். ஆனா பில்லைத் திருப்புற இரண்டு ஆடிட்டரும் ஒரே அளவுகோலில் திருப்புறாங்களா? அதே பில்லை மற்றவரிடம் கொடுத்துப் பார்த்தீங்களா?

மணிமாறன்: நல்ல கேள்வி. அதை நான் கேட்டிருக்கணும்.

பில்_கவுண்டர்: கொடுத்துப் பார்க்கலை. திங்கட்கிழமை அந்த 10 உதிரியையும் மாற்றிக் கொடுக்கிறேன். மேலாளர் மட்டும் இன்னும் எக்செலை விடலை.