5 நிமிடத்துக்கு மேல் டேட்டா போகாது என்பவருக்கு

கொடிமரம் (பழைய இழையில் எழுதியது):
"துணிக்கடை பில்லிங் மென்பொருள் நடத்துகிறோம், 60 கடைகள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், ரெப்ளிகா ஓடுகிறது, archive_timeout 300 வைத்திருக்கிறோம். 5 நிமிடத்துக்கு மேல் டேட்டா போகாது, அரை மணியில் எழுந்துவிடுவோம். இரவு ஒரு டம்ப் எடுத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் பொருள் விற்கக் கூடாது."

ராத்தூக்கம்:
இரவு டம்ப் எடுத்துவிட்டுத் தூங்குகிறவன் நான். அதனால்தான் கோபம் வருகிறது. archive_timeout செய்வது ஒரே வேலை: 5 நிமிடம் ஆனதும், இடையில் ஏதாவது எழுதப்பட்டிருந்தால், டேட்டாபேஸ் மாற்றங்களை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை மூடி அடுத்ததைத் திறக்கும். மூடிய கோப்பு வெளியே போய்ச் சேர்ந்ததா என்பது archive_command பாடு. அது தோற்றால், டிஸ்க் நிறையும்வரை போஸ்ட்கிரெஸ் நிற்காது. திரும்பத் திரும்ப முயலும், கோப்புகள் pg_wal-இல் குவியும், கடையில் பில் வழக்கம்போல் அடித்துக்கொண்டே இருக்கும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஸ்டோரேஜ் சாவியை ஒருவர் மாற்றிவிட்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாளும் அமைப்பில் இருந்த எண் 300தான். இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT last_archived_time, failed_count, last_failed_time
FROM pg_stat_archiver;
```

last_archived_time எத்தனை மணி காட்டுகிறதோ, அதுவரைதான் உங்கள் வெளிப் பேக்கப். 300 என்பது உங்கள் விருப்பம், அவ்வளவே.

கொடிமரம்:
மூன்று நாள் கவனிக்காதது உங்கள் அலட்சியம், அதை என் தலையில் கட்டாதீர்கள். போன வருடமும் இப்படித்தான், நான் எழுதியதையே படிக்காமல் நாற்பது பதில் போட்டீர்கள். ரெப்ளிகா என்று எழுதியிருக்கிறேன். மெயின் சர்வர் செத்தால் ரெப்ளிகா சில நொடிதான் பின்தங்கியிருக்கும், 5 நிமிடம் கூட இல்லை.

ராத்தூக்கம்:
செத்தால் சரி, ஒத்துக்கொள்கிறேன். யாராவது WHERE போடாமல் DELETE ஓட்டினால்? அந்த அழிப்பு அடுத்த நொடியே ரெப்ளிகாவுக்கும் போய்விடும்.

கொடிமரம்:
அப்போது மெயின் சர்வர் உயிரோடுதானே இருக்கிறது! வெளியே போகாத கோப்பெல்லாம் pg_wal-இலேயே கிடக்கும், நீங்களே சொன்னீர்கள். முந்தின இரவின் பேஸ் பேக்கப்பை வேறு மெஷினில் விரித்து, அந்தக் கோப்புகளைக் கொடுத்து, recovery_target_time-ஐ DELETE-க்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்தால் முடிந்தது. 5 நிமிடம் கூடப் போகாது.

ராத்தூக்கம்:
இது சரியான பதில், மறுக்கவில்லை. ஆனால் அந்த டிஸ்க் உங்கள் கையில் இருக்கும்வரைதான் சரி. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் கட்டடமே எரிந்து போனது. சர்வரையும் பேக்கப்பையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. உங்கள் ரெப்ளிகா எந்த ஊரில்? மெயின் சர்வரின் அதே கணக்கில், அதே கட்டடத்தில் என்றால், அந்த நாளில் உங்களிடம் மிச்சம் வெளியே போய்ச் சேர்ந்த கடைசிக் கோப்பு மட்டும்தான். அது எப்போது போனது என்றுதான் முதலிலிருந்தே கேட்கிறேன்.

வெண்கலமணி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் தையல் வகுப்புக்கு ஒரு சின்ன வேர்ட்பிரஸ் தளம் வைத்திருக்கிறேன், ஹோஸ்டிங்காரரே தினமும் பேக்கப் எடுப்பதாகச் சொல்கிறார். எனக்கும் இந்த 5 நிமிடம் வேண்டுமா? மாதம் கூடுதலாக 1,500 ரூபாய் கேட்கிறார்கள்.

ராத்தூக்கம்:
அம்மா, வேண்டவே வேண்டாம். வாரத்துக்கு நான்கு பேர் பதிவு செய்தால் ஒரு நாள் போனாலும் போன் போட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: அந்தப் பேக்கப்பை இறக்கி, வேறு இடத்தில் விரித்து, தளம் திறக்கிறதா என்று பாருங்கள்.

கொடிமரம்:
இங்கே தையல் வகுப்பைப் பற்றியா பேசுகிறோம்?

ராத்தூக்கம்:
ஆமாம், அதைப் பற்றியும்தான். ஏனென்றால் கணக்கு ஒன்றே. எவ்வளவு போனால் கையால் திரும்ப ஏற்ற முடியும்? உங்கள் 60 கடையில் கடைக்கு நாளுக்கு 150 பில், பத்து மணி நேரம் வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் போனால் கடைக்கு 15 பில். கவுண்டரில் நகல் இருந்தால் அரை மணியில் ஏற்றிவிடுவார்கள், திட்டுவார்கள், ஆனால் ஏற்றுவார்கள். ஒரு நாள் போனால் மொத்தம் 9,000 பில், பாதிக் கடை உங்களை விட்டுப் போய்விடும். என்னுடையது அடுக்குமாடிப் பராமரிப்புக் கணக்கு, ஒரு நாளில் முப்பது பதிவு, அதனால் இரவு டம்ப் போதும். உங்களுக்கு என் இரவு டம்ப் போதாது, அதை நான் எங்கேயும் சொல்லவில்லை. 5 நிமிடம் வையுங்கள், செலவும் அதிகமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு மணி நேரம் என்று எழுதுங்கள். கடைசிக் கோப்பு போய் 20 நிமிடம் ஆனால் உங்கள் போனுக்குச் செய்தி வரட்டும். மீதி 40 நிமிடம் சரிசெய்ய இருக்கும்.

அப்புறம் அந்த அரை மணி. அந்தப் பழைய இடத்தில் ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம், டேட்டா 40 ஜிபி. கவனிக்க 20 நிமிடம், பழையதையே சரிசெய்வதா புதிதாக விரிப்பதா என்று முடிவெடுக்க 15, புது மெஷின் 10, பேஸ் பேக்கப் இறக்க 25, அன்றைய பதிவுக் கோப்புகளை ஓட்ட 40, சரிபார்க்க 20. இரண்டு மணி பத்து நிமிடம். உங்கள் அரை மணி, ரெப்ளிகாவையே மெயின் சர்வராக மாற்றும் நாளுக்கு மட்டும் பொருந்தும்.

கொடிமரம்:
முடிவெடுக்க 15 நிமிடமா? எங்களிடம் முடிவெடுக்கிறவன் நான் ஒருவன்தான். ஒரு நிமிடம் போதும்.

ராத்தூக்கம்:
நீங்கள் ரயிலில் இருந்தால்?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் நிமிடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜவுளிக்கடைக் கணக்கு பார்க்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன். 5 நிமிடம் போனால் 60 கடையில் சுமார் 75 பில். அவை அச்சாகி வாடிக்கையாளர் கையில் இருக்கின்றன. மீட்ட டேட்டாபேஸுக்கு அது தெரியாது, அதே எண்ணை அடுத்த ஆளுக்குக் கொடுக்கும். ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு பில்லில் வரக் கூடாது. 5 நிமிடமோ ஒரு மணியோ, இதற்கு என்ன ஏற்பாடு?

ராத்தூக்கம்:
நல்ல கேள்வி. மீட்டதும் கடையைத் திறக்கும் முன் புது முன்னெழுத்தோடு புது வரிசையைத் தொடங்குங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைக்கு விதி இடம் தருகிறது. தொலைந்தவற்றை நகலைப் பார்த்துப் பழைய எண்ணிலேயே ஏற்றுங்கள். இது மீட்புக் குறிப்பில் முதல் வரியாக இருக்க வேண்டும். கொடிமரம் அண்ணன் குறிப்பில் இருக்கிறதா?

கொடிமரம்:
எங்களுக்கு எண் மோதாது, ரெப்ளிகாவில் எண் இருக்கும். எத்தனை தடவை சொல்வது.

ராத்தூக்கம்:
ஒத்திசைவு இல்லாத ரெப்ளிகாவில் கடைசிச் சில நொடி போகலாம், அதிலும் பில் இருக்கும். DELETE நாளில் ரெப்ளிகாவே உதவாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ரெப்ளிகேஷன் சிக்கலைச் சரிசெய்யப் போய்த்தான் மெயின் சர்வரின் டேட்டாவைத் தவறுதலாக அழித்தார்கள். தினசரி டம்ப் ஓடுவதாக நினைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தால் பேக்கப் பெட்டி காலி. pg_dump பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது, எச்சரிக்கை மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. pg_stat_archiver-இல் வந்ததை இங்கே ஒட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கொடிமரம்:
என் சர்வர் விவரத்தைப் பொதுவில் ஒட்ட நான் என்ன பைத்தியமா? archive_timeout 300. 300 நொடி என்றால் 5 நிமிடம். கணக்கு தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ராத்தூக்கம்:
நான் கேட்டது ஒரு நேரம் மட்டும். சர்வர் பெயர் கூடக் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
நகல் எடுத்து வைக்காத கடைக்கு என்ன செய்வது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. என் பன்னிரண்டு கடையில் ஏழு கடை அப்படித்தான்.