[கலைச்சொல்] இன்வாய்ஸ்: விலைப்பட்டியலா, கேட்புச்சீட்டா?

செல்வி, கோவை

அனைவருக்கும் வணக்கம். தனியாகத் தொழில் செய்யும் பத்து வடிவமைப்பாளர்களுக்கு சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். கூகுள் ஷீட்டில் வேலையை ஒரு வரியாகப் பதிந்தால் இன்வாய்ஸ் பிடிஎஃப் ஆகிவிடும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் தினமும் காலை ஒருமுறை ஓடி, கெடு தாண்டிய வாடிக்கையாளருக்கு வாரம் ஒரு மடல் அனுப்பும். கையேட்டில் இன்வாய்ஸை 'விலைப்பட்டியல்' என்று எழுதினேன். ஆனால் லோகோவுக்கு இவ்வளவு, விசிட்டிங் கார்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டிருக்கும் தாளுக்கும் அதே பெயர்தானே? ஒரே கோப்பில் இரண்டும் இருக்கின்றன. வெள்ளிக்குள் வேறு சொல் வேண்டும்.

இராமசாமி, தஞ்சை

அம்மா, நீங்கள் குழம்பியது நியாயமே. விலைப்பட்டியல் விலையைச் சொல்வது, இன்வாய்ஸ் பணத்தைக் கேட்பது. வருவாய்த்துறைக் கணக்கில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று மூன்று பத்தி வைப்பார்கள். அந்தக் கேட்பை எடுத்துக்கொண்டு 'கேட்புச்சீட்டு' என்று சொல்லலாம். நிலுவை 'நில்' என்பதிலிருந்து வந்தது, வராமல் நின்ற பணம். பாக்கி அரபியிலிருந்து வந்தது, அது வேண்டாம். பணம் செலுத்துவதற்கு 'இறுத்தல்' இருக்கிறது. வரி இறுத்தல் என்கிறோம், இறை என்றாலே வரிதான். நினைவூட்டு மடலை 'இறுப்பு நினைவோலை' எனலாம்.

குகன், யாழ்ப்பாணம்

ஐயா, இங்கே கடையில் தருவதைப் பற்றுச்சீட்டு என்போம். அதையே வைத்தால் என்ன?

இராமசாமி

தம்பி, பணம் பெற்றுக்கொண்டபின் தருவது அது. வராத பணத்துக்குப் பற்றுச்சீட்டு அனுப்பினால், கொடுத்தாயிற்று என்று வாடிக்கையாளர் வாதாடலாம்.

அருண், திருப்பூர்

சொல் எதுவானாலும் சரி, எனக்கு மடல்தான் பிரச்சினை. நானும் இதேபோல் செய்து வைத்திருக்கிறேன். பணம் வந்ததும் நிலைப் பத்தியில் 'கொடுத்தாச்சு' என்று போனில் தட்டிவிடுவேன். அப்புறமும் அவர்களுக்கு மடல் போகிறது. ஒரு பழைய வாடிக்கையாளர் வருத்தப்பட்டு அழைத்தார்.

```
if (r[6] !== "கொடுத்தாச்சு")
  MailApp.sendEmail(r[1], "நினைவூட்டல்", madal);
```

மெய்யப்பன், சென்னை

அருண், அந்த வரியைப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலிருந்து ஒட்டினீர்களா? 'கொ'வின் ொ குறியை யூனிகோடில் ஒரே குறியாக U+0BCA என்றும் எழுதலாம், U+0BC6, U+0BBE என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஸ்கிரிப்டுக்கு வேறு வேறு. `"கொ".length` போட்டுப் பாருங்கள், 2 அல்லது 3 வரும். `r[6].normalize("NFC")` என்று எழுதி, ஒப்பிடும் சொல்லுக்கும் அதையே செய்தால் தீரும்.

ஆனால் சொல்லை ஒப்பிடுவதே வேண்டாம் என்பேன். நிலுவையை எண்ணாகக் கணக்கிட்டு, அது பூஜ்யத்தைத் தாண்டினால் மட்டும் மடல் போகட்டும். செல்வி அக்காவின் கையேட்டிலும் அப்படியே இருந்தால் நல்லது.

செல்வி

முதலில் அப்படித்தான் வைத்தேன், தம்பி. அதிலும் அடிபட்டேன். 80,000 ரூபாய்க்குக் கேட்டிருந்தேன். வாடிக்கையாளர் 10 சதவீதம் வரிப்பிடித்தம் போக 72,000 அனுப்பினார். ஷீட் 8,000 நிலுவை என்றது. முழுதும் கொடுத்த மனிதருக்கு வாரம் ஒரு மடலாக மூன்று போய்விட்டன. இப்போது D கேட்பு, E வந்தது, F வரிப்பிடித்தம், `=D2-E2-F2`தான் நிலுவை. F-இல் போட்ட தொகை வருமானவரித் துறையில் என் கணக்கில் வந்திருக்கிறதா என்று பிறகு பார்த்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமலும் இருக்கலாம்.

மெய்யப்பன்

அப்படியானால் ஐயா சொன்ன மூன்று பத்தியும் உங்கள் ஷீட்டில் ஏற்கனவே இருக்கிறதே. கேட்புச்சீட்டுக்கு என் ஆதரவு. 'இறுப்பு நினைவோலை' மட்டும் வேண்டாம். மடலின் தலைப்பில் அதைப் பார்த்தால் கணக்குப் பிரிவில் இருப்பவர் திறக்கவே மாட்டார்.

அருண்

கேட்புச்சீட்டு என்றாலும் என் வாடிக்கையாளருக்குப் புரியாது. திருப்பூரில் 'பில் அனுப்புங்க' என்றுதான் கேட்பார்கள். நான் இன்வாய்ஸ் என்றே போடுவேன்.

இராமசாமி

புழங்கினால் புரியும். நாம் எழுதாவிட்டால் யார் புழங்குவது? நினைவோலையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

குகன்

ஓலை எனக்கும் பிடிக்கும். ஆனால் பிடிஎஃப் ஓலையாகுமா?

செல்வி

நாளை அச்சுக்குப் போகிறது. தாளின் பெயர் 'கேட்புச்சீட்டு', கட்டணத் தாள் 'விலைப்பட்டியல்', மடலின் தலைப்பு 'நிலுவை நினைவூட்டல்'. வாடிக்கையாளர் பார்க்கும் பிடிஎஃப் தலைப்பில் இன்வாய்ஸ் என்றே விட்டுவிட்டேன். மன்னியுங்கள், ஐயா. அருண், `normalize` வரியைப் போட்டபின் மடல் நின்றதா?