வருடம் 9.6 லட்சம் லாபம், ஆனால் கம்பெனிக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது

வயர்க்கடை, திருச்சி

எலெக்ட்ரிகல் சாமான் மொத்த வியாபாரம், 11 வருடமாகச் செய்கிறேன். மாதம் 20 லட்சம் விற்பனை, ஜிஎஸ்டி தனி. சம்பளம், வாடகை, வட்டி எல்லாம் போக மாதம் 80,000 நிற்கிறது. போன வருடம் 9.6 லட்சம் லாபம் என்று ஆடிட்டரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் போன வாரம் கம்பெனிக்குக் கொடுத்த 6 லட்ச ரூபாய் செக் திரும்பிவிட்டது. உடனே சரக்கை நிறுத்திவிட்டார்கள். மூன்று பில்டர்கள் 14 லட்சம் தரவேண்டும், நாலு மாதமாக இழுக்கிறார்கள். ஏமாற்றுகிற ஆட்கள் இல்லை, கடைசியில் கொடுத்துவிடுவார்கள். லாபத்தில் ஓடுகிற கடைக்கு ஏன் இந்த நிலைமை? அந்த பில்டர்களுக்குச் சரக்கை நிறுத்தலாமா?

மலைக்கோட்டை மொத்தம்

நிறுத்திவிடாதீர்கள் தம்பி. நம் லைனில் கடன் கொடுக்காமல் வியாபாரம் கிடையாது. நீங்கள் நிறுத்தினால் அடுத்த கடைக்காரன் நாளைக்கே வண்டியை அனுப்புவான். பழைய பாக்கி அப்படியே உறைந்துபோகும்.

கடனை ஒரு செலவாகப் பாருங்கள். ஜிஎஸ்டி சேர்த்து உங்கள் ஒரு மாத பில் 23.6 லட்சம். அது ஒரு மாதம் தாமதமானால், வங்கி வட்டி 11 சதவீதம் என்று வைத்தாலும் 21,600 ரூபாய்தான் நஷ்டம். விலையில் ஒரு சதவீதம் ஏற்றினால் 20,000 வந்துவிடும். பில்டர் ஒரு சதவீதத்துக்குக் கணக்குப் பார்க்க மாட்டார். 26 வருடமாக நான் இப்படித்தான் நடத்துகிறேன்.

ஓய்வுபெற்ற மேனேஜர்

வட்டிக் கணக்கு சரிதான். ஆனால் அந்த வட்டிக்கு யாராவது கடன் கொடுத்தால்தானே அந்தக் கணக்கு நிற்கும்? வங்கியில் 20 வருடம் சிறு வியாபாரிகளின் கடன் பிரிவைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இதே ஒரு மாதத் தாமதத்தை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். 23.6 லட்சம் கைக்கு வரவில்லை. கடையில் மாதம் நிற்பது 80,000. அந்த ஓட்டையை லாபத்தை வைத்தே அடைக்க 29 மாதத்துக்கு மேல் ஆகும், கம்பெனி கேட்பதோ 21 நாளில். வட்டி 21,600 என்பது உண்மைதான். ஆனால் செக் திரும்பியது அந்த 21,600 இல்லாததால் அல்ல, குறிப்பிட்ட தேதியில் 6 லட்சம் இல்லாததால்.

வயர்க்கடைக்காரரே, வங்கி தந்திருக்கும் சிசி கடன் லிமிட் எவ்வளவு, சரக்கையும் பாக்கியையும் பார்த்து அதில் எடுக்க விடுகிற டிபி எவ்வளவு? வங்கிக்குத் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் என்ன கொடுத்தீர்கள்?

வயர்க்கடை, திருச்சி

லிமிட் 40 லட்சம் சார். சரக்கு 20 லட்சம், கம்பெனிகளுக்குத் தரவேண்டியது 15 லட்சம், வெளியே நிற்கும் பாக்கி 47 லட்சம். மூன்று மாதத்துக்கு முன்னாலும் இதே 47தான், டிபி 32 லட்சம் போட்டிருந்தார்கள். நான் எடுத்தது 29. இந்த மாதம் போனில் கேட்டால், டிபி குறைந்துவிட்டது, கணக்கில் பணம் கட்டுங்கள் என்கிறார்கள். பாக்கி குறையவே இல்லையே?

ஓய்வுபெற்ற மேனேஜர்

பாக்கி குறையவில்லை, அதன் வயது கூடிவிட்டது. சங்கதி அங்கேதான்.

சரக்கு 20ல் கம்பெனிப் பாக்கி 15ஐக் கழித்தால் 5. அதில் 25 சதவீத மார்ஜின் போக 3.75 லட்சம். பாக்கி 47க்கு உங்கள் கிளை 40 சதவீத மார்ஜின் பிடிக்கிறது என்று தெரிகிறது, ஏனென்றால் 28.2 லட்சம் வருகிறது. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய அந்த 32. இப்போது பில்டர்களின் 14 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான வங்கிகள் 90 நாளுக்கு மேற்பட்ட பில்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மிச்சம் 33 லட்சம், அதில் 60 சதவீதம் 19.8. கூட்டினால் டிபி 23.55 லட்சம். நீங்கள் எடுத்திருப்பது 29. ஆக ஐந்தரை லட்சம் மேலே நிற்கிறீர்கள். கடைகளிலிருந்து வரும் பணமெல்லாம் அந்தப் பள்ளத்தை நிரப்பவே போகிறது, கம்பெனி செக்குக்கு எங்கிருந்து மிஞ்சும்?

பில்டர் பணத்தை நிறுத்துகிற அதே வாரத்தில் வங்கியும் கையை இழுத்துக்கொள்கிறது. எத்தனையோ நல்ல கடைகள் மூடியதை இந்த இடத்தில்தான் பார்த்தேன். விற்பனை குறைந்து மூடியவர்கள் அவ்வளவு இல்லை.

இரண்டு அவசரம். திரும்பிய செக்குக்கு கம்பெனி 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். அது கைக்கு வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால் 138வது பிரிவில் வழக்குப் போட வழி உண்டு. இன்றைக்கே நேரில் போய், தவணை பேசி, எழுதி வாங்குங்கள். அப்புறம், சிசி கணக்கு டிபிக்கு மேலேயே 90 நாள் தொடர்ந்து நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். அந்த நாளை இப்போதே எண்ணத் தொடங்குங்கள்.

பின்னல் யூனிட், திருப்பூர்

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது, தீர்ந்துவிட்டது. பில்லில் சிறுதொழில் பதிவான உத்யம் எண்ணை அடியுங்கள். 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கினவருக்கு வருமான வரியில் அந்த வருடம் அந்தச் செலவைக் கழிக்க முடியாது, அதற்கென்று பிரிவே இருக்கிறது. போன மார்ச்சில் என் பார்ட்டிகள் தாங்களே போன் செய்து பணம் போட்டார்கள். இழுத்தால் சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் போடலாம், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உங்களிடம் உத்யம் இருக்கிறதா அண்ணா?

வயர்க்கடை, திருச்சி

இருக்கிறது தம்பி, 2021லேயே எடுத்தேன். அப்படியானால் இன்றைக்கே புகார் போடுகிறேன்.

ஓய்வுபெற்ற மேனேஜர்

கொஞ்சம் பொறுங்கள். திருப்பூர்க்காரர் சொல்வது அவருக்குப் பொருந்தும், அவர் உற்பத்தி செய்கிறவர். நீங்கள் வாங்கி விற்கிறவர். 2021 ஜூலை 2ல் மத்திய அரசு மொத்த, சில்லறை வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தது. ஆனால் அவர்களுக்குச் சலுகை முன்னுரிமைக் கடனோடு சரி என்று அந்த உத்தரவிலேயே எழுதிவிட்டார்கள். தாமதமான பணத்துக்கான பாதுகாப்பு வியாபாரிக்கு இல்லை.

இதன் மறுபக்கம் உங்களுக்கு இன்னும் சிரமமானது. ஸ்விட்ச் பெட்டி, பைப் மாதிரி சாமான்களை சின்ன யூனிட்களிடம் வாங்குகிறீர்கள் அல்லவா? அவர்கள் உத்யம் வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளர்களாக இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் அவர்களுக்கு நீங்கள் கொடுத்தாகவேண்டும். அந்தக் கெடு தாண்டி மார்ச் 31ல் பாக்கி நின்றால், அந்தக் கொள்முதல் அந்த வருடச் செலவில் கழியாது, பணம் கொடுக்கிற வருடத்தில்தான் கழியும். கையில் இல்லாத லாபத்துக்கு வரி கட்டவேண்டி வரும். பில்டரைக் கேட்க உங்களுக்குச் சட்டம் இல்லை, உங்களைக் கேட்க அவர்களுக்கு இருக்கிறது.

மலைக்கோட்டை மொத்தம்

இது அநியாயம், சங்கத்தில் பலமுறை பேசிவிட்டோம். ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நிறுத்தினால் 14 லட்சம் வருமா? நான் ஒரு தடவை நிறுத்தினேன். அந்த பில்டர் எதிர்க்கடைக்குப் போனார். என் 3 லட்சம் வர இரண்டு வருடம் ஆனது, அதுவும் வட்டியில்லாமல். சரக்கு போய்க்கொண்டிருந்தால்தான் அவருக்கு நம் முகம் ஞாபகம் இருக்கும். லிமிட்டை 60 லட்சமாக ஏற்றச் சொல்லுங்கள், அதுதான் வழி.

ஓய்வுபெற்ற மேனேஜர்

லிமிட்டை 60 ஆக்கினாலும் டிபி அதே 23.55தான் ஐயா. இவருக்கு 40 லட்சம் லிமிட்டே முழுதாகப் பயன்படவில்லை. ஏற்ற வேண்டியது லிமிட் அல்ல.

கல்லாப்பெட்டி, மதுரை

என் கணவரின் ஹார்டுவேர் கடைக்கு நான்தான் கணக்கும் வசூலும். ஆறு வருடத்துக்கு முன் நாங்களும் இதே இடத்தில் நின்றோம். நான் முதலில் செய்தது, ஒரு பில்டரின் சைட் ஆபீசில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்ததுதான். பிளாஸ்டிக் நாற்காலி, மேசையில் சலான் கட்டு. எங்கள் பில்களில் 11 அங்கே கணக்கில் ஏறவே இல்லை. சலானில் சைட் இன்ஜினியர் கையெழுத்து இல்லை, சிலதில் அவர்கள் ஆர்டரின் பி.ஓ. எண் தப்பு. நாங்கள் 45 நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம், அவர்கள் கணக்கில் முதல் நாளே தொடங்கவில்லை. வண்டி ஓட்டுகிற பையனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: கையெழுத்து இல்லாமல் சரக்கை இறக்காதே. அதற்கே இரண்டு வாரம் மிச்சமானது.

இரண்டாவது, அவர்கள் அனுப்பும் 'ஆன் அக்கவுண்ட்' பணம். எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் இரண்டு லட்சம் அனுப்பினால், என் கணக்குப்பிள்ளை புது பில்லில் கழித்துவந்தார். பழையது கிடந்து வயது ஏறியது. அவர்கள் பில் எண் சொல்லாவிட்டால் பழைய பில்லிலேயே கழிக்க நமக்கு உரிமை உண்டு, ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது என்று வக்கீல் சொன்னார். அண்ணா, டேலியைத் திறந்து பாருங்கள். உங்கள் 14 லட்சத்தில் கொஞ்சம் இந்த வகையாக இருக்கும்.

நிறுத்துவதா வேண்டாமா என்றால், நான் பாதி வழி போனேன். ஒரு லட்சம் சரக்கு வேண்டுமா, ஒன்றரை லட்சம் போடுங்கள், அரை லட்சம் பழைய பாக்கிக்கு. ஒருவர் ஒத்துக்கொண்டார். ஒருவர் போய்விட்டார், அவர் பணம் இன்னும் வரவில்லை.

மலைக்கோட்டை மொத்தம்

பாருங்கள், போய்விட்டார் என்று நீங்களே சொல்கிறீர்கள் அம்மா.

கல்லாப்பெட்டி, மதுரை

ஆமாம் ஐயா, 1.8 லட்சம் நிற்கிறது. அவருக்கு மேலும் சரக்குப் போட்டிருந்தால் 5 லட்சம் நின்றிருக்குமோ என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். உங்களுக்கு 26 வருட முதல் உள்ளே இருக்கிறது, வங்கியை நம்பி நிற்கவில்லை. எங்களுக்கு அது இல்லை.

வயர்க்கடை, திருச்சி

நேற்று இரவு ஒவ்வொரு பில்லாகப் பார்த்தேன். 14ல் 3.2 லட்சம் அக்கா சொன்ன மாதிரிதான். பணம் வந்திருக்கிறது, பில் எண் இல்லாமல், புது பில்லில் கழித்திருக்கிறோம். பழையதில் மாற்றிவிட்டேன். சார் கணக்குப்படி பார்த்தால் டிபி 1.92 லட்சம் ஏறவேண்டும், சரியா?

கம்பெனிக்கு நேரில் போனேன். 6 லட்சத்தை மூன்று தவணையாகக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. மச்சான் மாதம் 2 ரூபாய் வட்டிக்கு ஐந்து லட்சம் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். இன்னொருவர், பழைய பில்லை ரிட்டர்ன் போட்டு இன்றைய தேதியில் புது பில் போடு, வங்கிக்குத் தெரியாது என்கிறார்.

ஓய்வுபெற்ற மேனேஜர்

1.92 சரி, ஆனால் வங்கி கேட்டால் லெட்ஜர் நகலோடு காட்டுங்கள். பில்லை மாற்றிப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஸ்டாக் ஆடிட்டுக்கு வருகிறவர் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். தாமதம் என்றால் பேசித் தீர்க்கலாம், பொய் ஸ்டேட்மென்ட் என்றால் யாரும் பேச மாட்டார்கள். அந்த 2 ரூபாய் வட்டி, ஐந்து லட்சத்துக்கு மாதம் 10,000. பில்டர் தருகிற தேதி எழுத்தில் இருந்தால் ஒரு மாதத்துக்கு யோசிக்கலாம். தேதி இல்லாமல் தொடாதீர்கள்.

வயர்க்கடை, திருச்சி

மூன்று பேரில் ஒருவர் மட்டும் வெள்ளிக்கிழமை 4 லட்சம் என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மற்ற இருவரின் சைட் ஆபீசுக்கும் நாளைக் காலை சலான் கட்டோடு போகிறேன்.